சுட்டெண் ஏறுகிறது, எத்தனை பங்குகள் ஏறுகின்றன?

"அண்ணை, சுட்டெண் ஒவ்வொரு நாளும் ஏறுதெண்டு சொல்லுறாங்கள். என்ர கணக்கு மட்டும் ஏன் சிவப்பாக் கிடக்குது?" பரந்தனில் உதிரிப்பாகக் கடை நடத்தும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2022 கடைசியில் இருபது சதவீதத்துக்கு மேல் கொடுத்த நிலையான வைப்பு வட்டி 2024இல் பத்துக்குக் கீழே வந்தபோது, வன்னியிலும் பலர் வங்கியில் இருந்த காசில் கொஞ்சத்தைப் பங்குகளின் பக்கம் திருப்பினார்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் கைபேசி ஊடாகக் கணக்குத் திறக்கும் வசதி 2020இலேயே வந்துவிட்டதால் அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்தபடியே வாங்கலாம், விற்கலாம். ஆனால் அந்தக் கைபேசித் திரையில் பெரிய எழுத்தில் தெரிவது சுட்டெண். அது ஏறினால் சந்தையே ஏறிவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தம்பியின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அவர் வைத்திருந்தது ஐந்து சின்னக் கம்பனிகளின் பங்குகள். அந்த வாரங்களில் சுட்டெண்ணைத் தூக்கியது வேறு நாலைந்து பெரிய கம்பனிகள். இரண்டும் ஒரே சந்தைக்குள் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதான். ஏன் நடக்கிறது, நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இனிப் பார்ப்போம்.

கொழும்பில் முதன்மையாகப் பார்க்கப்படுவது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். 1985ஆம் ஆண்டை 100 என்று வைத்துத் தொடங்கியது. பெயரில் "அனைத்து" இருந்தாலும் எல்லாப் பங்குக்கும் ஒரே நிறை கிடையாது. ஒரு கம்பனியின் மொத்தப் பங்குகளை அன்றைய விலையால் பெருக்கினால் வருவது அதன் சந்தைப் பெறுமதி. அந்தப் பெறுமதி எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குச் சுட்டெண்ணை இழுக்கும் பலமும் அதற்கு உண்டு. பெரும் குளமொன்றின் கீழ் தலைவாய்க்காலை அண்டிய நாலைந்து பெரிய வயல்கள் நன்றாக விளைந்தால், கடைவாய்க்காலில் சின்னக் காணிகள் தண்ணீரில்லாமல் கருகியிருந்தாலும், திட்டத்தின் மொத்த விளைச்சல் கூடியதாகத்தான் கணக்கு வரும். கணக்கில் பிழையில்லை. கடைவாய்க்கால்காரன் வீட்டில் நெல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கற்பனைச் சந்தையை எடுப்போம். பத்துப் பங்குகள், மொத்தப் பெறுமதி 100 பில்லியன் ரூபா, சுட்டெண் 10,000. முதலாவது கம்பனியின் பெறுமதி 40 பில்லியன், இரண்டாவதினுடையது 20, மிச்ச எட்டும் தலா 5 பில்லியன். ஒரு நாள் முதலாவது 3 சதவீதம் ஏறுகிறது: 1.2 பில்லியன் கூடியது. இரண்டாவது 2 சதவீதம் ஏறுகிறது: 0.4 கூடியது. எட்டுச் சின்னக் கம்பனிகளில் ஆறு தலா 2 சதவீதம் இறங்குகின்றன: மொத்தம் 0.6 குறைந்தது. ஒன்று அசையவில்லை. இன்னொன்று 1 சதவீதம் ஏறுகிறது: 0.05 கூடியது. கூட்டிக் கழித்தால் 1.05 பில்லியன் மிச்சம். சுட்டெண் 10,105 ஆகிறது, அன்றைய செய்தி "சந்தை ஒரு சதவீதம் ஏற்றம்". ஆனால் பங்குகளை எண்ணிப் பார்த்தால் ஏறியவை மூன்று, இறங்கியவை ஆறு.

கொழும்பில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஒரு கம்பனியின் முழுப் பங்குகளையும் கணக்கில் எடுக்கிறது, சந்தையில் உண்மையாகப் புழங்கும் பங்குகளை மட்டுமல்ல. இங்கே பல கம்பனிகளில் பெரும்பகுதிப் பங்குகள் தாய்க் கம்பனியிடமோ ஒரு குடும்பத்திடமோ முடங்கிக் கிடக்கின்றன. 1,000 மில்லியன் பங்குகள் கொண்ட ஒரு கம்பனியில் பத்தில் ஒரு பகுதிதான் பொதுமக்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 100 ரூபா. விற்பதற்கு ஆள் குறைவு. யாரோ 20,000 பங்குகளை 105 ரூபாவுக்கு வாங்குகிறார், நாளும் அந்த விலையிலேயே முடிகிறது. கைமாறிய காசு 21 இலட்சம் ரூபா. ஆனால் சுட்டெண் கணக்கில் கம்பனியின் பெறுமதி 5 பில்லியன் ரூபா கூடிவிடுகிறது. சந்தையின் மொத்தப் பெறுமதி 5,000 பில்லியன், சுட்டெண் 15,000 என்றால், அந்த ஒரே கொடுக்கல் வாங்கல் சுட்டெண்ணை 15 புள்ளி தூக்கியிருக்கிறது. வேறு எந்தப் பங்கும் அசைந்திருக்கத் தேவையில்லை.

2012இல் அறிமுகமான எஸ் அண்ட் பி இலங்கை 20 சுட்டெண் இந்த விடயத்தில் வேறு மாதிரி. இருபது பெரிய கம்பனிகள்தான் அதில் இருக்கும், ஆனால் புழங்கும் பங்குகளை மட்டும் வைத்து நிறை கணிக்கிறார்கள், தனியொரு பங்கின் நிறைக்கு உச்சவரம்பும் உண்டு. அதனால் இரண்டு சுட்டெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் துப்பு கிடைக்கும். 2021ஐ எடுங்கள். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 6,774இலிருந்து 12,226க்குப் போனது, ஏறத்தாழ 80 சதவீத ஏற்றம். இலங்கை 20 சுட்டெண் ஏறியது 60 சதவீதமளவில். எக்ஸ்போலங்கா, எல்ஓஎல்சி குழுமக் கம்பனிகள் போன்ற சில பெயர்கள் அந்த ஆண்டு நாளறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தன. எக்ஸ்போலங்காவின் விலை மட்டும் அந்த ஒரு வருடத்தில் பத்து மடங்குக்கு மேல் போனது. இரண்டு சுட்டெண்களுக்கும் நடுவில் விழுந்த அந்த இடைவெளி, ஏற்றத்தின் நிறை ஒரு சில இடங்களில் குவிந்திருந்ததைக் காட்டுகிறது. ஆனால் மற்றப் பங்குகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அது சொல்லாது. அதற்கு எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும் வேலையைத்தான் அட்வான்ஸ்–டிக்ளைன் லைன் செய்கிறது. இங்கே அதை ஏற்ற-இறக்கக் கோடு என்று சொல்கிறேன். கணக்கு மிகச் சுலபம். இன்று நேற்றைய விலையை விட ஏறி முடிந்த பங்குகள் எத்தனை, இறங்கி முடிந்தவை எத்தனை என்று பார்க்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வரும் எண்ணை நேற்றைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அசையாத பங்குகளை விட்டுவிடலாம். தொடக்க எண் 1,000 ஆக இருந்தாலும் 5,000 ஆக இருந்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் நாங்கள் பார்ப்பது கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையே தவிர அது நிற்கும் எண்ணை அல்ல. இந்தக் கணக்கில் பெரிய கம்பனிக்கும் ஒரு வாக்கு, சின்னக் கம்பனிக்கும் ஒரு வாக்கு.

தரகர் நிறுவனங்கள் மாலையில் அனுப்பும் நாளறிக்கைகளில் பெரும்பாலும் ஏறியவை இத்தனை, இறங்கியவை இத்தனை என்று ஒரு வரி இருக்கும். அது கிடைக்காவிட்டால் சந்தையின் இணையத்தளத்தில் `Trade Summary` பக்கத்தில் அன்று கைமாறிய எல்லாப் பங்குகளும் விலை மாற்றத்தோடு பட்டியலாக இருக்கின்றன. அதை எக்செல் தாளில் போட்டு, விலை மாற்றம் H நிரலில் இருந்தால் இப்படி எண்ணலாம்:

```
=COUNTIF(H:H,">0")
=COUNTIF(H:H,"<0")
```

பிறகு இன்னொரு தாளில் A நிரலில் திகதி, B இல் ஏறியவை, C இல் இறங்கியவை, D இல் சுட்டெண், E இல் கோடு. E2 இல் 1000 என்று எழுதி வைத்து, E3 இலிருந்து கீழ்நோக்கி:

```
=E2+B3-C3
```

கற்பனையாக ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் சுட்டெண் 10,000, கோடு 1,000.

| நாள் | ஏறியவை | இறங்கியவை | வித்தியாசம் | கோடு | சுட்டெண் |
|---|---|---|---|---|---|
| திங்கள் | 148 | 62 | +86 | 1,086 | 10,090 |
| செவ்வாய் | 121 | 95 | +26 | 1,112 | 10,150 |
| புதன் | 84 | 117 | −33 | 1,079 | 10,210 |
| வியாழன் | 72 | 139 | −67 | 1,012 | 10,290 |
| வெள்ளி | 69 | 134 | −65 | 947 | 10,340 |

சுட்டெண் நிரலை மட்டும் பார்ப்பவருக்கு இது ஐந்து நாளும் பச்சையாக முடிந்த வாரம், 3.4 சதவீத லாபம். கோட்டைப் பார்ப்பவருக்கோ செவ்வாயோடு கதை மாறிவிட்டது. திங்களன்று ஏறிய பங்குகள் இறங்கியவற்றின் இரண்டு மடங்குக்கு மேல், வெள்ளியன்று இறங்கியவை ஏறியவற்றின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. கோடு தொடங்கிய இடத்துக்கும் கீழே வந்து நிற்கிறது. அந்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பங்கை வாங்கியிருந்தால், அது சிவப்பில் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு வாரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நாளாந்த எண்ணிக்கை கண்டபடி துள்ளும். பார்க்க வேண்டியது உச்சங்களை. சுட்டெண் ஒரு உச்சத்தைத் தொட்டுக் கொஞ்சம் இறங்கி, அப்புறம் அதைவிட உயர்ந்த இன்னொரு உச்சத்துக்குப் போகிறது. அதே காலத்தில் கோடும் தன் பழைய உச்சத்தைத் தாண்டியதா? தாண்டியிருந்தால் ஏற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலான பங்குகள் இருக்கின்றன. தாண்டாமல் தாழ்ந்த உச்சத்தோடு திரும்பிவிட்டால், புதிய உயரத்துக்குச் சுட்டெண்ணைக் கொண்டுபோனது முன்னையதை விடக் குறைந்த பங்குகள். இப்படி இரண்டும் பிரிந்துபோவது வாரங்கள், சிலவேளை மாதங்கள் தொடர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

இதற்கு அதிகம் எடுத்துச் சொல்லப்படும் உதாரணம் நியூயோர்க் பங்குச் சந்தையில் நடந்தது. அங்கே ஏற்ற-இறக்கக் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணோ பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளின் தோளில் ஏறி, 2000 மார்ச்சில்தான் உச்சம் கண்டது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் சராசரிப் பங்கு வைத்திருந்தவர் தடுமாறிக்கொண்டிருந்தார், சுட்டெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. 2000க்குப் பிறகு வந்த சரிவு எல்லோருக்கும் தெரியும். 2007இலும் இதுவே நடந்தது, ஆனால் இடைவெளி குறைவு: கோடு ஜூனில் உச்சம், சுட்டெண் ஒக்டோபரில்.

இந்த இரண்டு உதாரணங்களையும் சொல்பவர்கள் பொதுவாக "பார்த்தீர்களா, கோடு முன்கூட்டியே சொல்லிவிட்டது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வருடம் முன்னதாக வரும் எச்சரிக்கையை வைத்து எவரும் திகதி குறிக்க முடியாது. 1998இல் கோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் விற்றவர் நீண்டகாலம் வெளியே நின்று ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். சரிவு எப்போது வரும் என்பது கோட்டில் இல்லை. இப்போது நடக்கும் ஏற்றத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டும். பரந்தன் தம்பிக்குத் தேவைப்பட்ட பதிலும் அதுவே.

நியூயோர்க்கில் எழுதப்பட்ட முறையை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் இடறும். எங்கள் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றில் எல்லாமே ஒவ்வொரு நாளும் கைமாறுவதில்லை. உற்சாகமான நாளில் 250 பங்குகள் அசையும், மந்தமான நாளில் அதைவிட நன்றாகக் குறையும். இதனால் உற்சாகமான நாட்களின் எண்ணிக்கை கோட்டில் கூடுதலாக அழுத்தும். இதைச் சரிசெய்ய வித்தியாசத்தை அன்று அசைந்த பங்குகளின் தொகையால் வகுத்து நூற்றுவீதமாக்கிச் சேர்க்கலாம். மேலே இருந்த தாளில் F2 இல் 0 போட்டுவிட்டு:

```
=F2+(B3-C3)/(B3+C3)*100
```

திங்களுக்கு 86ஐ 210ஆல் வகுத்தால் 41 சதவீதம் வரும். வெள்ளிக்கு −65ஐ 203ஆல் வகுத்தால் −32 சதவீதம். வருடக்கணக்கில் கோடு வரைவதென்றால் இந்த முறைதான் நல்லது, ஏனென்றால் புதுக் கம்பனிகள் பட்டியலுக்கு வரும், பழையவை விலகும், எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, விலை நகரும் படி. கொழும்பில் பங்கு விலை பத்துச் சதப் படிகளாகத்தான் நகரும். 200 ரூபாப் பங்குக்குப் பத்துச் சதம் ஒன்றுமேயில்லை, கண் இமைக்கும் நேரத்தில் மேலும் கீழும் போய்விடும். 50 சதத்துக்கு விற்கும் ஒரு பங்குக்கோ அடுத்த படி 60 சதம், அதாவது 20 சதவீத ஏற்றம். அதனால் மலிவுப் பங்குகள் பல நாள் அசையாமலே கிடக்கும், அசைந்தால் பெரிதாக அசையும். கோடு இரண்டையும் ஒரே வாக்காகத்தான் எண்ணும். 200 ரூபாவிலிருந்து 199 ரூபா 90 சதத்துக்கு வந்த பங்கும் "இறங்கியது" தான், 50 சதத்திலிருந்து 40க்கு விழுந்த பங்கும் "இறங்கியது" தான். ஆகவே அசையாத பங்குகளின் எண்ணிக்கையையும் ஒரு நிரலில் குறித்து வையுங்கள். ஏறியவை 70, இறங்கியவை 65, அசையாதவை 90 என்று இருக்கும் ஒரு நாளில் அந்த ஐந்து பங்கு வித்தியாசத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

பங்கிலாப காலத்திலும் கவனம் வேண்டும். பங்கிலாப உரிமை கழிந்த நாளில் பங்கின் விலை பெரும்பாலும் அந்தத் தொகையளவு இறங்கித் தொடங்கும். 8 ரூபா பங்கிலாபம் கொடுக்கும் கம்பனி 150இலிருந்து 143க்கு வந்தால், வைத்திருப்பவருக்கு உண்மையில் ஒரு ரூபா லாபம், ஆனால் எண்ணிக்கையில் அது இறங்கிய பங்கு. பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் அந்தக் காலத்தையொட்டியும், ஆண்டு அறிக்கைகள் வெளிவரும் மாதங்களிலும் இப்படிப் பல பங்குகள் ஒரே வாரத்தில் வந்து விழலாம். அந்த வாரங்களில் கோடு தளர்ந்தால் உடனே பதறத் தேவையில்லை. அதேபோல சில வங்கிகளுக்கு வாக்குரிமையுள்ள பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என இரண்டு இருக்கும், குறியீட்டில் `N0000`, `X0000` என்று தெரியும். இரண்டையும் எண்ணினால் ஒரே வங்கிக்கு இரண்டு வாக்கு. நான் `X0000` என்று முடிபவற்றை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுவேன்.

ஏற்றம் ஒரு சில பங்குகளில் குவிந்திருப்பதாலேயே அது போலி என்று ஆகிவிடாது. எக்ஸ்போலங்கா ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். 2021இல் உலகமெங்கும் கப்பல், விமானச் சரக்குக் கட்டணங்கள் தாறுமாறாக ஏறின, அதன் வருமானமும் இலாபமும் உண்மையாகவே பெருகின. விலை அந்த இலாபத்துக்கு ஏற்றதா, கூடுதலா என்பது வேறு கேள்வி, அதற்குக் கம்பனியின் கணக்கறிக்கையைத்தான் திறக்க வேண்டும். கோட்டில் அதற்குப் பதில் இல்லை.

வெளியிலிருந்து வரும் அடியும் கோட்டில் தெரியாது. 2020 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஏற்ற-இறக்கக் கோடும் சுட்டெண்ணும் சேர்ந்தே புதிய உச்சத்தில் இருந்தன, அடுத்த மாதம் கொரோனா எல்லாவற்றையும் ஒன்றாக விழுத்தியது. எங்கள் 2022ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 18ஆம் திகதியிலிருந்து ஒரு வாரம் சந்தையையே மூடி வைத்தார்கள். டொலர் கையிருப்பு வற்றிப்போன ஒரு நாட்டின் சந்தையில் எத்தனை பங்குகள் சேர்ந்து ஏறியிருந்தாலும் அது காப்பாற்றியிருக்காது. அந்த ஆண்டின் முடிவில் சுட்டெண் 8,490க்குக் கிட்ட நின்றது.

கடைசியாக, தலைகீழான நிலை ஒன்றும் உண்டு. என்னைக் கேட்டால் சின்னப் பங்குகள் வைத்திருப்பவருக்கு இதுவே கூடுதல் பயன் தரும். சுட்டெண் பல வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது, செய்திகளில் "சந்தை மந்தம்" என்கிறார்கள். ஆனால் கோடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டொரு பெரிய கம்பனிகள் இறங்கிச் சுட்டெண்ணைப் பிடித்து வைத்திருக்க, அவற்றுக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகள் சத்தமில்லாமல் ஏறும்போது இப்படி வரும். முதலில் சொன்ன பத்துப் பங்குச் சந்தையில் முதலாவது கம்பனி 2 சதவீதம் இறங்கினால் 0.8 பில்லியன் போய்விடும். எட்டுச் சின்னக் கம்பனிகளும் தலா 2 சதவீதம் ஏறினாலும் 0.8 பில்லியன்தான் வரும். இரண்டாவது கம்பனி அசையாமல் நின்றால் சுட்டெண் 10,000இலேயே இருக்கும், கோடு மட்டும் ஒரே நாளில் ஏழு படி மேலே போயிருக்கும். இந்த நிலை மூன்று நாலு வாரம் தொடர்ந்து, கூடவே அந்தச் சின்னப் பங்குகளில் நாளாந்தப் புரள்வும், அதாவது கைமாறும் காசும், கூடியிருந்தால், நாலைந்து பங்குகளைத் துள்ளவிட்டுக் காட்டும் வேலையாக அது இருக்க வாய்ப்பில்லை, பரவலாக வாங்குகிறார்கள் என்று கொள்ளலாம். புரள்வு கூடாமல் எண்ணிக்கை மட்டும் ஏறினால் இன்னும் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.